ரயில் யாருக்கும் காத்திருக்காது: டைம்பாக்ஸ் திட்டமிடலை எப்படி மாற்றுகிறது?

ஜாவா மொழியின் ஆறாம் பதிப்பு 2006 டிசம்பரில் வந்தது. ஏழாம் பதிப்பு 2011 ஜூலையில் வந்தது. இடையில் நாலரை ஆண்டு ஓடிவிட்டது. அதுவரை அதை உருவாக்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. பல சிறு வசதிகள் எழுதி, சோதித்து, எப்போதோ தயாராகிவிட்டன. ஆனால் பெரிய வசதிகள் சில முடியவில்லை. அவை முடியும்வரை தயாரானவையும் கிடங்கில் கிடந்தன.

இன்று அதே ஜாவா ஒவ்வொரு மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு பதிப்பு வெளியிடுகிறது. 2018 மார்ச்சில் தொடங்கிய இந்த வரிசை இதுவரை தவறவில்லை. மொழியும் பெரும்பாலான ஆட்களும் மாறவில்லை. மாறியது ஒரே ஒரு முடிவுதான். முன்பு என்ன வெளியிடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தார்கள், தேதி அதற்கேற்ப நகர்ந்தது. இப்போது தேதியை முதலில் முடிவு செய்கிறார்கள், உள்ளே என்ன இருக்கும் என்பது அதற்கேற்ப நகர்கிறது. மென்பொருள்காரர்கள் இதை டைம்பாக்ஸ் என்கிறார்கள். நேரம் என்னும் பெட்டியின் அளவு மாறாது, அதற்குள் அடங்குவது மட்டுமே போகும்.

கேட்பதற்கு எளிய மாற்றம். ஆனால் எஸ்டிமேட் போடுவது, பேரம் பேசுவது, வேலையைப் பிரிப்பது, தோல்வி எங்கே தலைகாட்டுகிறது என எல்லாவற்றையும் அது திருப்பிப் போடுகிறது. அது எங்கே உதவும், எங்கே ஏமாற்றும் என்பதை ஜாவாவின் அனுபவத்தை முதுகெலும்பாக வைத்து இங்கே பார்ப்போம்.

எங்கிருந்து வந்தது?

இந்த முறை 1980-களில் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் வேர்விட்டது. அங்கே பயன்பட்ட வழியை ஜேம்ஸ் மார்ட்டின் 1991-இல் எழுதிய விரைவு மென்பொருள் உருவாக்கம் பற்றிய நூல் பரவலாக்கியது. 1994-இல் பிரிட்டனில் உருவான டிஎஸ்டிஎம் என்ற முறை நேரம், செலவு, தரம் மூன்றையும் பூட்டிவிட்டு ஸ்கோப்பை மட்டும் திறந்து வைத்தது. ஸ்கோப் என்றால் செய்து கொடுக்க ஒப்புக்கொண்ட வேலைகளின் மொத்தம். பின்னால் வந்த ஸ்க்ரம் முறையில் ஒரு ஸ்பிரிண்ட் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது, தினசரிக் கூட்டம் 15 நிமிடம் என்று பெட்டிக்குள் பெட்டியாக அமைந்தது.

வரலாறு இவ்வளவு போதும். ஒரு பெரிய திட்டம் பழைய வழியில் எப்படிச் சிக்கியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஜிக்சா என்ற பயணி

ஜாவாவின் உள் நூலகம் காலப்போக்கில் ஒரே பெரிய பாறையாகிவிட்டது. அதைத் தனித்தனி மாட்யூல்களாகப் பிரிக்கும் திட்டத்துக்கு ஜிக்சா என்று பெயர். 2008-இல் அறிவிக்கப்பட்டது. ஏழாம் பதிப்பிலேயே வரும் என்றுதான் முதலில் எண்ணம்.

2010-இல் ஜாவாவின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரைன்ஹோல்ட் இரண்டு வழிகளைச் சமூகத்தின் முன் வைத்தார். எல்லாம் முடியும்வரை காத்திருந்து 2012 நடுவில் வெளியிடுவது ஒன்று. ஜிக்சாவையும் லாம்டாவையும் எடுத்துவிட்டு, தயாராக இருப்பதை 2011 நடுவில் வெளியிடுவது இன்னொன்று. இரண்டாவது வழியைத் தேர்ந்தார்கள். அதனால்தான் 2011-இல் ஏழாவது வந்தது.

ஜிக்சா எட்டாம் பதிப்புக்குப் போனது. 2012-இல் அதுவும் முடியாது என்று தெரிந்தது. ரைன்ஹோல்ட் அப்போது எழுதிய குறிப்புக்கு, ரயிலுக்குத் தாமதமான ஜிக்சா என்ற பொருளில் தலைப்பிட்டார். இனி ஜாவா ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒரு ரயில் விடும், நேரத்துக்கு வராதவர் அடுத்த ரயிலில் வரட்டும் என்பது யோசனை. ஜிக்சாவை ஒன்பதாம் பதிப்புக்குத் தள்ளினார்கள். எட்டாவது 2014 மார்ச்சில் வந்தது.

கொள்கையளவில் இதுவே டைம்பாக்ஸ்தான். ஆனால் நடந்தது வேறு. ஒன்பதாம் பதிப்புக்கு முதலில் குறித்த தேதி 2016 செப்டம்பர். ஜிக்சா முடியவில்லை என்பதற்காக அது 2017 மார்ச் ஆனது, பிறகு ஜூலை, கடைசியில் 2017 செப்டம்பர் 21. அந்த ஆண்டு மே மாதத்தில் ஜாவாவின் தர நிர்ணயக் குழுவில் ஜிக்சாவுக்கு நடந்த வாக்கெடுப்பு ஒருமுறை தோற்றது. திருத்தி, அடுத்த மாதம் வென்றது. ஒரு பயணிக்காக ரயில் ஓராண்டு பிளாட்பாரத்தில் நின்றது. மற்றப் பெட்டிகளில் ஏறி உட்கார்ந்திருந்த வசதிகள் எல்லாம் கூடவே நின்றன.

அட்டவணை இருந்தும் ரயில் ஏன் நின்றது? அடுத்த ரயில் வெகுதூரத்தில் இருந்ததுதான் காரணம். இன்று தவறவிட்டால் இன்னும் இரண்டோ மூன்றோ ஆண்டு என்றால் எந்த வசதியின் சொந்தக்காரரும் லேசில் இறங்கிப் போகமாட்டார். தன் வசதி ஏறும்வரை வண்டியைப் பிடித்துவைக்க எல்லாக் காரணமும் அவரிடம் இருக்கும். அரைகுறையாக இருந்தாலும் ஏற்றிவிடப் பார்ப்பார். நிர்வாகமும் இரண்டு முறை தள்ளிவைத்த ஒன்றை மூன்றாம் முறை தள்ளத் தயங்கும். பெட்டியின் மூடியை மூட முடியுமா என்பதை அந்தப் பெட்டியின் நீளமே தீர்மானிக்கிறது. டைம்பாக்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒழுங்கையும் கட்டுப்பாட்டையும் பேசுகிறார்கள். ஜாவாவின் கதை சொல்வது அதைவிடச் சாதாரணமானது. அடுத்த வண்டி பக்கத்தில் இருந்தால் தவறவிட்டவர் சண்டை போடமாட்டார்.

இருபது பயணிகளின் கணக்கு

பழைய வழி ஏன் இவ்வளவு மோசமாகத் தாமதிக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். ஒரு பதிப்பில் 20 வசதிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் குறித்த நாளுக்குள் முடிய 90 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒன்றின் தாமதம் மற்றொன்றைப் பாதிக்காது. மிக நல்ல குழுவின் எண் இது.

ஸ்கோப்பைப் பூட்டினால் இருபதும் முடிந்தால்தான் வெளியீடு. இருபதும் ஒருசேர நேரத்தில் முடிவதற்கான வாய்ப்பு 0.9 என்பதை இருபது முறை பெருக்கினால் கிடைக்கும். அது 12 சதவீதம்தான். தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் நம்பகமானவர்கள். சேர்த்துப் பார்த்தால் எட்டுமுறை வெளியிட்டால் ஏறத்தாழ ஒருமுறைதான் தேதி காக்கப்படும். பதிப்பின் தேதி இருபது தேதிகளின் சராசரியில் விழாது. அவற்றில் மிகக் கடைசியானதில்தான் விழும்.

அதே குழு, அதே இருபது வசதிகள், ஆனால் நேரத்தைப் பூட்டிவிட்டோம் என்றால்? குறித்த நாளில் சராசரியாக 18 தயாராக இருக்கும். பதினெட்டுடன் வண்டி கிளம்பும். இரண்டு அடுத்த வண்டிக்குப் போகும். யாருடைய திறமையும் கூடவில்லை, எந்த எஸ்டிமேட்டும் துல்லியமாகவில்லை. தாமதத்தின் பாரத்தை இருபது பேரும் சுமப்பதற்குப் பதிலாக, தாமதமான இருவர் மட்டும் சுமக்கிறார்கள். டைம்பாக்ஸ் தரும் லாபத்தின் பெரும்பகுதி இதுதான். அது வேலையை வேகப்படுத்துவதில்லை. முடிந்த வேலை முடியாத வேலைக்காகக் காத்திருப்பதைத்தான் தடுக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. தாமதமான இரண்டையும் மற்ற பதினெட்டிலிருந்து பிய்த்தெடுக்க முடியவேண்டும். ஒன்றின் பாதிக் குறியீடு இன்னொன்றுக்குள் பின்னிக் கிடந்தால் இறக்கிவிடுவது நடக்காது. பின்னிய துணியில் ஒரு நூலை உருவினால் மற்றவையும் வரும். ஆகவே ஸ்கோப் நெகிழவேண்டும் என்றால் அதற்கான வேலை முதல் நாளிலேயே தொடங்கவேண்டும்.

கதவடைக்கும் நாள்

ஜாவா 2018-க்குப் பிறகு இதை எப்படிச் செய்கிறது என்பது கிட்டத்தில் வைத்துப் பார்க்கத் தக்கது. பன்னிரண்டாம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். வெளியீட்டு நாள் 2019 மார்ச் 19. புது வசதிகளுக்குக் கதவடைக்கும் நாள் 2018 டிசம்பர் 13. மூன்று மாதத்துக்கும் மேலான அந்த இடைவெளி முழுவதும் பிழை திருத்துவதற்கே.

முழுமையாகத் தயாரான வசதி மட்டுமே பிரதான கிளைக்குள் வரலாம் என்பது விதி. தயாராகாதது தன் தனிக் கிளையிலேயே வளரும். டிசம்பர் 13 அன்று பிரதான கிளையிலிருந்து பன்னிரண்டாம் பதிப்புக்கென ஒரு கிளை பிரியும். அந்தக் கணமே பிரதான கிளை பதின்மூன்றாம் பதிப்பாகிவிடும். ஒரு வசதி ஒருவாரம் பிந்தினால் அதை எழுதியவர் செய்யவேண்டியது எதுவுமில்லை. அதே பிரதான கிளையில் சேர்த்தால் தானாகவே அடுத்த பதிப்பில் இருக்கும். இறக்கிவிடுவதற்கென்று தனி வேலையோ, கூட்டமோ, அவமானமோ இல்லை.

அந்த டிசம்பரில் ஒரு வசதி இறங்கியது. பல வரிகள் கொண்ட எழுத்துத் தொடரை ஜாவாவில் நேராக எழுதும் வசதி அது. பேக்டிக் குறிக்குள் அடைத்து எழுதும்படி வடிவமைத்திருந்தார்கள். பயனாளர்களின் கருத்துகளைக் கேட்டபோது இரண்டு தனிப் பிரச்சினைகள் குழம்பிக் கிடப்பது தெரிந்தது. பல வரிகளாக எழுதுவது ஒன்று, சாய்கோட்டுக் குறிகளை அப்படியே விட்டுவிடுவது இன்னொன்று. மக்களுக்குப் பெரும்பாலும் வேண்டியது முதலாவதுதான். வடிவமைப்பாளர்கள் வசதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பன்னிரண்டாம் பதிப்பு அது இல்லாமலே, குறித்த நாளில் வந்தது.

ஆறு மாதம் கழித்துப் பதின்மூன்றாம் பதிப்பில் அதே தேவைக்கு வேறொரு வடிவம் வந்தது:

```java
String s = """
    <p>வணக்கம்</p>
    """;
```

அதுவும் முடிந்த பொருளாக வரவில்லை. முன்னோட்டம் என்ற முத்திரையுடன் வந்தது. பயன்படுத்த விரும்புகிறவர் தெரிந்தே கேட்டு வாங்கவேண்டும்:

```
javac --release 13 --enable-preview Main.java
java --enable-preview Main
```

அப்படித் தொகுத்த கோப்பு அடுத்த பதிப்பில் ஓடாது. ஆகவே யாரும் அதை நம்பிப் பெரிய கட்டடம் எழுப்பமாட்டார்கள். வடிவத்தை மாற்றும் உரிமை வடிவமைப்பாளரிடமே இருக்கும். பதினான்காம் பதிப்பில் இரண்டு புதிய குறிகளைச் சேர்த்து மீண்டும் முன்னோட்டம். பதினைந்தாம் பதிப்பில், 2020 செப்டம்பரில், நிரந்தரம்.

பழைய முறையில் இது எப்படி நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒன்று, குழம்பிய முதல் வடிவமே மொழிக்குள் நிரந்தரமாக ஏறியிருக்கும். அல்லது அது சரியாகும்வரை முழுப் பதிப்பும் நின்றிருக்கும். இங்கே இரண்டும் நடக்கவில்லை. எழுத்துத் தொடருக்குள் கணக்கீடுகளைச் செருகும் ஸ்டிரிங் டெம்ப்ளேட் என்ற வசதிக்கு இன்னும் கடுமையான முடிவு கிடைத்தது. 21-லும் 22-லும் முன்னோட்டமாக வந்த அதை, வடிவம் சரியில்லை என்று 23-ஆம் பதிப்பில் முற்றிலும் நீக்கினார்கள். பதிப்பு நேரத்துக்கு வந்தது.

ஒவ்வொரு பதிப்பிலும் உள்ளடக்கம் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். பதின்மூன்றாம் பதிப்பில் வந்த பெரிய முன்மொழிவுகள் வெறும் 5. இருபத்து நான்காம் பதிப்பில் 24. ஸ்கோப் நெகிழ்கிறது என்பதற்குக் கண்ணால் காணும் சான்று இந்த ஏற்றத்தாழ்வுதான். பதின்மூன்று மெலிந்திருந்தது என்பதற்காக யாரும் அதை நிறுத்திவைக்கவில்லை.

சிறு குழுவுக்கு: ஒரு கல்லூரிக் கணக்கு

ஜாவாவுக்கு வெளியில் பெரும்பாலான குழுக்களுக்கு அடுத்த ரயில் என்ற ஆடம்பரம் இல்லை. ஒரு வாடிக்கையாளர், ஒரு தேதி. அங்கே டைம்பாக்ஸ் எப்படி வேலை செய்யும்? டிஎஸ்டிஎம் தரும் வழியை ஒரு கற்பனைக் கல்லூரியின் ஆன்லைன் சேர்க்கை மென்பொருளில் போட்டுப் பார்ப்போம்.

நான்கு பேர், ஆறு வாரம். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 120 ஆள்நாள். விடுப்பு, கூட்டம், பழைய மென்பொருளின் தொல்லை இவற்றுக்குக் கால்பங்கைக் கழித்தால் 90. இந்த 90-ஐ எப்படிப் பங்கிடுவது? டிஎஸ்டிஎம்மில் மாஸ்கோ என்றொரு வகைப்பாடு உண்டு. ஆரக்கிளில் இருந்த டை கிளெக் உருவாக்கியது. இருந்தே தீரவேண்டியவை, இருக்கவேண்டியவை, இருந்தால் நல்லவை, இம்முறை இல்லாதவை என்று நாலு கூறு. முதல் கூறு மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதன் வழிகாட்டல். மூன்றாம் கூறுக்கு ஏறத்தாழ 20 சதவீதம் ஒதுக்கவேண்டும்.

அப்படியானால் இருந்தே தீரவேண்டியவை 54 ஆள்நாள்: விண்ணப்பப் படிவம், சான்றிதழ் பதிவேற்றம், கட்டணம், தரவரிசைப் பட்டியல். இருக்கவேண்டியவை 18: எஸ்எம்எஸ் தகவல், சமர்ப்பித்த விண்ணப்பத்தை மாணவரே திருத்தும் வசதி. இருந்தால் நல்லவை 18: முதல்வருக்கான வரைபடங்கள், பழைய ஆண்டு ஒப்பீடு.

இப்போது வழக்கம்போல எஸ்டிமேட் பொய்க்கிறது. எல்லா வேலையும் நினைத்ததைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நேரம் பிடிக்கிறது. முதல் கூறு 54-இலிருந்து 72 ஆகிறது. மீதி 18 ஆள்நாள். இரண்டாம் கூறு முழுதும் முடிய இப்போது 24 வேண்டும், அதில் முக்கால்பங்கு முடியும். மூன்றாம் கூறு வராது. சேர்க்கை திறக்கும் நாளில் மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். முதல்வர் வரைபடத்துக்குக் காத்திருப்பார்.

இதே 90 ஆள்நாள் வேலையை, எல்லாமே கட்டாயம் என்று ஸ்கோப்பைப் பூட்டி எடுத்திருந்தால் மொத்தம் 120 ஆள்நாள் வேண்டும். வாரத்துக்கு 15 வீதம் இன்னும் இரண்டு வாரம். ஆறு வாரத் திட்டம் எட்டு வாரம் ஆகும், சேர்க்கைத் தேதி போய்விடும். அந்தத் தாமதமும் ஆறாம் வாரத்தில்தான் எல்லோர் கண்ணிலும் படும்.

இந்த 60 சதவீதம் ஒரு காப்பு. 54 ஆள்நாள் வேலை 90 வரை நீளலாம். அதாவது எஸ்டிமேட் மூன்றில் இரண்டு பங்கு தவறினாலும் தேதி தாங்கும். பழைய திட்டத்தில் இதை பஃபர் என்று சும்மா கிடக்கும் நாட்களாக ஒளித்துவைப்பார்கள், மேலிடம் பார்த்தால் வெட்டிவிடும். இங்கே அந்த நாட்களில் பயனுள்ள வேலை உட்கார்ந்திருக்கிறது. தேவைப்பட்டால் எழுந்து இடம் கொடுக்கும்.

எல்லாம் முதல் கூறில்தான் சிக்கும். கேட்டால் எல்லாமே கட்டாயம்தான் என்பார் வாடிக்கையாளர். அப்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இது இல்லாவிட்டால் அன்று திறப்பதில் பொருள் உண்டா? கையால் செய்ய ஒரு வழி இருந்தால், அது எவ்வளவு சிரமமானாலும், அந்த வேலை முதல் கூறுக்கு வராது. மாணவரே திருத்தும் வசதி இல்லையென்றால் அலுவலகத்துக்கு போன் செய்து திருத்திக்கொள்ளலாம். எழுத்தர் திட்டுவார், ஆனால் சேர்க்கை நிற்காது. நம் வீட்டுக் கல்யாணத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தாலி இல்லாமல் முகூர்த்தம் இல்லை. ஐஸ்கிரீம் ஸ்டால் இல்லாமல் உண்டு.

எஸ்டிமேட்டின் பொருள் மாறுகிறது

ஸ்கோப் பூட்டிய திட்டத்தில் எஸ்டிமேட் ஒரு ஜோசியம். இந்த வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டு, வந்த பதிலை வாக்குறுதியாக எழுதிக்கொள்வார்கள். நேரம் பூட்டிய திட்டத்தில் கேள்வி தலைகீழாகிறது. இந்தப் பிரச்சினைக்கு எத்தனை நாள் செலவிடத் தகும்? முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் புரோகிராமர். இரண்டாவதற்குப் பதில் தெரிந்தவர் பணம் போடுகிறவர்.

பேஸ்கேம்ப் நிறுவனத்தின் ரயன் சிங்கர் 2019-இல் வெளியிட்ட ஷேப் அப் என்ற நூலில் இந்த இரண்டாம் எண்ணுக்குப் பசி என்று பெயர் வைத்தார். வயிற்றில் எவ்வளவு இடம் என்று முதலில் பார்த்துவிட்டு இலையில் பரிமாறுவது போல. அவர்களுடைய பெட்டி ஆறு வாரம், பின் இரண்டு வாரம் ஓய்வான வேலை. ஆறு வாரத்தில் முடியாத திட்டத்துக்கு இயல்பாக நீட்டிப்பு கிடையாது. அது நின்றுவிடும். தொடரவேண்டுமானால் புதிதாக வாதாடி இடம் பெறவேண்டும்.

ஸ்க்ரம்மிலும் இதே திருத்தம் ஒரு சொல்லில் நடந்தது. ஸ்பிரிண்டுக்குக் குழு எடுத்துக்கொள்ளும் வேலைகளை உறுதிமொழி என்று சொல்லிவந்தார்கள். அதன் அதிகாரபூர்வக் கையேடு 2011-இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு முன்கணிப்பு என்று போட்டது. பெட்டியின் அளவுதான் உறுதி, உள்ளிருப்பது கணிப்பு. பல அலுவலகங்களில் இந்தத் திருத்தம் இன்னும் போய்ச் சேரவில்லை. இரண்டு வார ஸ்பிரிண்டும் உண்டு, அதில் ஏற்ற பதினைந்து வேலையும் முடிந்தே ஆகவேண்டும் என்றால் அதை டைம்பாக்ஸ் என்று சொல்லக் கூடாது. அது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் டெட்லைன்.

பெட்டி கெட்டுப்போகும் விதம்

நேரமும் பூட்டு, ஸ்கோப்பும் பூட்டு, ஆளும் அதே ஆள் என்றால் அழுத்தம் எங்காவது வெளியேறியாகவேண்டும். அது தரத்தின் வழியாக வெளியேறும். தரம் குறைவது உடனே தெரியாது என்பதால் எல்லோருக்கும் அது வசதியான வாசல். சோதனை எழுதாமல் விடுவது, பிழையைப் பிறகு பார்க்கலாம் என்று குறித்துவைப்பது, பழைய குறியீட்டை நகலெடுத்து ஒட்டுவது இவையெல்லாம் கடைசி மூன்று நாளில் நடக்கும்.

இது நடக்கிறதா என்று வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். முதல் அடையாளம் பெட்டி மூடியபின் வரும் வாரத்தின் பிழைக் கணக்கு. பெட்டிக்குப் பெட்டி அது ஏறினால், வெட்டியது ஸ்கோப்பை அல்ல என்று பொருள். இரண்டாவது, எதுவுமே வெட்டப்படாத வரலாறு. பத்து ஸ்பிரிண்டிலும் நூறு சதவீதம் முடித்த குழு ஒன்று எஸ்டிமேட்டை ஊதிவைக்கிறது, அல்லது முடிந்தது என்ற சொல்லின் பொருளைச் சுருக்குகிறது. மூன்றாவது, ஒரே வேலை மூன்று பெட்டிகளாக 90 சதவீதம் முடிந்த நிலையில் நகர்வது. அது பெட்டியில் அடங்கும் துண்டாக வெட்டப்படவில்லை.

மூன்றாவதற்கு மருந்து வெட்டும் திசையை மாற்றுவதுதான். சேர்க்கை மென்பொருளை முதலில் தரவுத்தளம், பிறகு சர்வர், பிறகு திரை என்று அடுக்கடுக்காகச் செய்தால் நான்காம் வாரத்தில் நிறுத்தும்போது கையில் எதுவும் இருக்காது. ஒரு மாணவர், ஒரே பாடப்பிரிவு, படிவம் முதல் ரசீது வரை என்று கேக் வெட்டுவதுபோல மேலிருந்து கீழாக ஒரு துண்டை எடுத்தால், எந்த வாரத்தில் நிறுத்தினாலும் ஓடும் பொருள் ஒன்று இருக்கும்.

எங்கே பொருந்தாது?

உபுண்டு லினக்சின் பதிப்பு எண் ஆண்டையும் மாதத்தையும் சேர்த்தது. 2004 அக்டோபரில் வந்த முதல் பதிப்பு 4.10. அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒன்றாக ஏப்ரலிலும் அக்டோபரிலும் வருகிறது. அந்த வரிசையில் ஒரே ஒரு எண் மட்டும் உறுத்தும்: 6.06. அது 2006 ஏப்ரலில் வந்திருக்கவேண்டியது. பல ஆண்டு ஆதரவு தரப்போகும் முதல் பதிப்பு அது என்பதால் மெருகேற்ற ஆறு வாரம் தள்ளிவைத்தார்கள். ஒரு தவறை நெடுங்காலம் சுமக்கவேண்டியிருந்தால் தேதியைவிடத் தரம் முக்கியம் என்பது நியாயமான முடிவு. அவர்கள் அதை அறிவித்துச் செய்தார்கள், அடுத்த பதிப்பை அதே அக்டோபரில் வெளியிட்டார்கள். எண்ணில் தழும்பு தெரியும்படி மீறியதால் மீறல் வழக்கமாகவில்லை.

ஜாவாவின் ஆறுமாத ரயிலுக்கும் ஒரு விலை உண்டு. வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற முடியாது. அதனால் நீண்டகால ஆதரவுள்ள 11, 17, 21, 25 ஆகிய பதிப்புகளை மட்டும் பிடித்துத் தாவுகிறார்கள். 17-இலிருந்து 21-க்குத் தாவுகிறவருக்கு நான்கு ரயில்களின் சரக்கு ஒரே நாளில் வந்து இறங்குகிறது. தயாரிப்பவர் பக்கத்தில் குறைந்த குவியல் பெறுபவர் பக்கத்தில் பாதியாவது திரும்ப ஏறுகிறது.

டைம்பாக்ஸ் பெரிய வேலையைச் சிறியதாக்காது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நினைவகத்தில் பொருள்கள் உட்காரும் விதத்தையே மாற்றும் வல்ஹாலா திட்டம் 2014-இல் தொடங்கியது. 2025 செப்டம்பரில் வந்த 25-ஆம் பதிப்பிலும் அதன் மையமான வேல்யூ கிளாஸ் இல்லை. பத்தாண்டுக்கும் மேலாக அது எந்த ரயிலிலும் ஏறவில்லை. ஆனால் ஜிக்சாவைப்போல எந்த ரயிலையும் நிறுத்தவுமில்லை. இந்த முறையிடம் அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

பாதியில் நிறுத்தினால் பயனே இல்லாத வேலைகளுக்கு இது உதவாது. தரவை ஒரு வங்கி மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது 80 சதவீதக் கணக்குகளுடன் திறக்க முடியாது. சட்டம் வரிவரியாகச் சொல்லும் விதிகளிலும் வெட்ட இடமில்லை. ஒவ்வொரு அம்சத்துக்கும் பணம் பிரித்து எழுதிய டெண்டர் ஒப்பந்தத்திலும் அப்படியே. அங்கே ஸ்கோப்பைப் பூட்டி, தேதிக்குத் தாராளமாக இடம்விட்டு எழுதுவதே நேர்மை. அப்படிப்பட்ட வேலைக்குள்ளும், எது சாத்தியம் என்று தேடிப்பார்க்கும் முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் பெட்டி போடலாம்.

ஆகவே உங்கள் குழுவில் இருப்பது டைம்பாக்ஸா, மாறுவேடமிட்ட டெட்லைனா என்பதை அறிய விதிப்புத்தகம் வேண்டாம். கடைசியாக மூடிய பெட்டியை எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். எதை வெளியே விட்டோம்? விடுவது என்று யார் முடிவு செய்தார், எப்போது? விட்டது அடுத்த பெட்டியில் ஏறியதா? முதல் கேள்விக்கு ‘எதையும் விடவில்லை’ என்பதே ஒவ்வொரு முறையும் பதிலாக வந்தால், உங்கள் திட்டத்தில் நேரமும் ஸ்கோப்பும் இரண்டுமே பூட்டிக்கிடக்கின்றன. நெகிழ்ந்துகொண்டிருப்பது தரம்.